போட்டோவைப் பேனா–மை கோட்டோவியமாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பாட்டியின் இளவயது ஸ்டுடியோ போட்டோ ஒன்றைக் கோட்டோவியமாக்கிச் சட்டம் போட வேண்டும் என்று ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தது மூன்று மாதம் இழுத்தது. அதில் கற்றதும், அதற்குப் பிறகு நண்பர்களும் உறவினர்களும் கேட்டவையும்தான் இந்தப் பக்கம். உதாரணம் வேண்டிய இடத்திலெல்லாம் பாட்டி படமே வரும். அதன் ஸ்கேன் அளவு 1800 × 2400 பிக்சல்.

"ஆப்பில் ஸ்கெட்ச் ஃபில்டர் போட்டால் பென்சில் மாதிரி வருகிறது. மை மாதிரி ஏன் வரமாட்டேன் என்கிறது?"

அந்த ஃபில்டர்கள் பெரும்பாலும் ஒரே தந்திரத்தைத்தான் செய்கின்றன. படத்தை நெகட்டிவ் ஆக்கி, மங்கலாக்கி, மூலப்படத்தின் மேல் வைத்து வெளுக்கச் செய்கின்றன. விளிம்புகள் மட்டும் சாம்பல் நிறத்தில் மிஞ்சும். சாம்பல் இருப்பதால்தான் கண்ணுக்கு அது பென்சிலாகத் தெரிகிறது.

மையில் சாம்பல் கிடையாது. காகிதத்தின் ஓர் இடத்தில் மை இருக்கும், அல்லது இருக்காது. கன்னத்தின் மெல்லிய நிழலானாலும் கழுத்தடியின் இருட்டானாலும் அதே கறுப்பு மைதான். ஒன்றில் கோடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, மற்றதில் நெருங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே ஓடுகின்றன. ஒரு 100 ரூபாய் நோட்டை எடுத்து, காந்தியின் முகத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சாம்பல் மை எங்கும் இருக்காது, கோடுகளும் புள்ளிகளும்தான் சேர்ந்து நிழலாகத் தெரிகின்றன.

ஆகவே வேலை இதுதான்: போட்டோவின் ஒவ்வொரு சாம்பலையும் "இந்த இடத்தில் காகிதத்தில் எத்தனை சதவீதத்தை மை மூட வேண்டும்" என்ற கேள்வியாக மாற்ற வேண்டும். கீழே உள்ள எல்லாம் அதற்கான பதில்கள்தான்.

"எந்த மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளலாம்?"

ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்த படம். ஜன்னலோரம் எடுத்தது மிக நல்லது. நேர் ஃபிளாஷில் எடுத்த கல்யாண வீட்டுப் படங்கள் சரிவராது. முகம் முழுக்க ஒரே வெளிச்சத்தில் இருப்பதால் கோடு போட நிழலே இருக்காது. பழைய ஸ்டுடியோ படங்கள் இந்த வேலைக்கு அருமையாகப் பொருந்தும். அந்தக் கால போட்டோகிராபர்கள் விளக்கைப் பக்கவாட்டில் வைத்தார்கள்.

"கோடுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?"

முதலில் படம் கடைசியில் எந்த அளவில் பார்க்கப்படும் என்று முடிவு செய்யுங்கள். 1800 × 2400 படத்தை 300 டிபிஐயில் அச்சிட்டால் 6 × 8 அங்குலம். அந்த அளவில் 3 பிக்சல் தடிமனுள்ள கோடு கால் மில்லிமீட்டர் ஆகிறது. ஓவியக் கடையில் கிடைக்கும் மைக்ரான் 01 பேனாவின் கோடும் அதே 0.25 மி.மீ.தான். இடைவெளியை, அதாவது ஒரு கோட்டின் ஆரம்பத்திலிருந்து அடுத்த கோட்டின் ஆரம்பம் வரை, 12 பிக்சல் என்று வைத்தால் சுமார் 1 மி.மீ. கையில் பிடித்துப் பார்க்கும் படத்துக்கு இது நன்றாக இருக்கும். நான் 8-ஐயும் முயன்றேன். விவரம் கூடியது, ஆனால் கோடு கோடாகத் தெரியாமல் மறுபடியும் சாம்பலாகத் தெரிந்தது. 20 வைத்தால் மூக்கின் நிழல் மூன்றே கோடுகளில் முடிந்துவிடும், மூக்கு என்றே தெரியாது.

முகத்தின் முக்கியமான நிழல்களில் ஒவ்வொன்றிலும் குறைந்தது நாலைந்து கோடுகளாவது ஓட வேண்டும் என்று நான் பார்ப்பேன். பாட்டி படத்தில் மூக்கின் பக்க நிழல் சுமார் 60 பிக்சல் அகலம். அதனால் 12 சரியாக இருந்தது. மூன்று பேர் நிற்கும் படமாக இருந்தால் ஒவ்வொரு முகமும் சிறிதாகிவிடும், அப்போது படத்தைப் பெரிதாக ஸ்கேன் செய்வதைத் தவிர வழியில்லை.

"நாலு அடுக்கு கோடு போட்டும் படம் வெளிறியே இருக்கிறது. கறுப்பு ஏன் ஏறவில்லை?"

நானும் இதில்தான் அதிக நாள் மாட்டிக்கொண்டேன், கொஞ்சம் கணக்குப் போட்ட பிறகே புரிந்தது.

12 பிக்சலுக்கு ஒரு 3 பிக்சல் கோடு என்றால் காகிதத்தில் 25 சதவீதம் மை. இன்னொரு திசையில் அதே அடுக்கைப் போட்டால் 50 ஆகும் என்று தோன்றும். ஆகாது. இரண்டாம் அடுக்கின் கோடுகளில் கால்வாசி ஏற்கெனவே மை இருக்கும் இடத்தின் மேலேயே விழுகிறது. முதல் அடுக்கு 75 சதவீத வெள்ளையை விட்டது; அதில் முக்கால்வாசி மிஞ்சும், அதாவது சுமார் 56. மையின் பங்கு 44. மூன்றாவது அடுக்கோடு 58, நாலாவதோடு 68. ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிடக் குறைவாகவே சேர்க்கிறது.

இதோடு கண்ணின் விஷயம் ஒன்றும் இருக்கிறது. திரையில் 0 முதல் 255 வரை போகும் சாம்பல் எண், வெளிச்சத்துக்கு நேர் விகிதமாக ஏறுவதில்லை. எண் 128 என்பது பாதி வெளிச்சம் இல்லை, வெள்ளையின் ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். திருப்பிப் போட்டால், பாதி காகிதத்தை மை மூடினாலும் தள்ளி நின்று பார்க்கும்போது அது 188 என்ற வெளிறிய சாம்பலாகத்தான் தெரியும். நம்முடைய நாலு அடுக்கு, 68 சதவீத மை, சுமார் 153-க்குச் சமம். போட்டோவில் கழுத்தடி 70 என்று இருந்தால், அந்த இருட்டைச் சீரான மெல்லிய கோடுகளால் எட்டவே முடியாது.

வழி இரண்டு. ஒன்று, உள்ளே போகப் போகக் கோட்டைத் தடிமனாக்குவது. 3, 3, 4, 5 பிக்சல் என்று அடுக்கினால் மையின் பங்கு 25, 44, 62, 78 என்று ஏறுகிறது. கடைசி அடுக்கு கிட்டத்தட்ட 129 என்ற சாம்பலாகத் தெரியும். இரண்டு, மிக இருண்ட இடங்களை முழுக் கறுப்பாக நிரப்பிவிடுவது. தலைமுடி, கண்மணி, ரவிக்கையின் மடிப்பு ஆகிய இடங்களில் கோடே வேண்டாம். முழுக் கறுப்பு ஓரிடத்தில் இருந்தாலே பக்கத்தில் உள்ள நாலடுக்கு வலை நல்ல நிழலாகத் தெரியும். கறுப்பே இல்லாவிட்டால் எத்தனை அடுக்கு போட்டாலும் படம் துவைத்த சேலை மாதிரிதான் இருக்கும்.

"இதைச் செய்யும் நிரலைக் கொடுக்க முடியுமா?"

பைத்தானில் `numpy`, `Pillow` இரண்டும் இருந்தால் போதும்.

```python
import numpy as np
from PIL import Image, ImageFilter

g = Image.open("paatti.jpg").convert("L")
g = g.filter(ImageFilter.MedianFilter(7))
L = np.array(g).astype(float)
H, W = L.shape
y, x = np.mgrid[0:H, 0:W]

layers = [(200, 45, 3), (150, 75, 3), (105, 15, 4), (65, 105, 5)]
gap = 12
out = np.full((H, W), 255, np.uint8)

for t, ang, w in layers:
    a = np.deg2rad(ang)
    d = (x*np.sin(a) + y*np.cos(a)) % gap
    out[(L < t) & (d < w)] = 0

out[L < 35] = 0
Image.fromarray(out).save("kodu.png", dpi=(300, 300))
```

`layers` வரிசையில் ஒவ்வொரு அடைப்பும் ஓர் அடுக்கு. முதல் எண் எல்லை: சாம்பல் அதற்குக் கீழே இருக்கும் இடங்களில் மட்டும் இந்த அடுக்கு விழும். இரண்டாவது கோட்டின் கோணம், மூன்றாவது தடிமன். `d` என்பது ஒவ்வொரு பிக்சலும் தன் பக்கத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. கடைசியில் வரும் 35 முழுக் கறுப்புக்கான எல்லை.

`MedianFilter(7)` எதற்கு என்றால், பழைய படத்தின் குருணையையும் கீறல்களையும் அது வழித்துவிடும். அது இல்லாவிட்டால் கோடுகள் நடுநடுவே பொரிந்து நிற்கும். ஆனால் ஒரு விலை உண்டு. பாட்டியின் மூக்குத்தி மினுக்கம் நாலு பிக்சல் அகலம்தான். 7 × 7 சதுரத்தில் அது சிறுபான்மை, அதனால் தூசியோடு தூசியாகப் போய்விட்டது. அம்மா பார்த்து, "மூக்குத்தி எங்கடா?" என்று கேட்கும்வரை நான் கவனிக்கவில்லை. கடைசியில் படத்தைத் திறந்து அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் கையால் வைத்தேன். தோடு, கண்ணின் ஒளிப்புள்ளி ஆகியவற்றையும் இப்படி ஒருமுறை சரிபாருங்கள்.

"முகம் முழுக்க வலை விழுந்து கறுத்துப்போகிறது. எல்லை எண்களை எப்படித் தீர்மானிப்பது?"

மேலே கொடுத்த 200, 150, 105, 65 என்பவை வெறும் தொடக்கம். இணையத்தில் கிடைக்கும் இதுபோன்ற எண்கள் பலவும் வெளிர்நிற முகத்தை வைத்து எழுதப்பட்டவை என்று நினைக்கிறேன். நம் ஊர் முகங்களில் வெளிச்சம் பட்ட கன்னமே 120, 130-ல்தான் நிற்கும். பாட்டி படத்தில் நெற்றி 172, கன்னம் 125, கழுத்து நிழல் 70, பின்சுவர் 160. முதல் எல்லை 200 என்றால் என்ன ஆகும்? நெற்றி, சுவர், கன்னம் எல்லாவற்றிலும் கோடு. கன்னத்தில் இரண்டு அடுக்கு. வெள்ளைக் காகிதம் எங்கும் மிஞ்சவில்லை. முகம் கறுத்ததற்குக் காரணம் நிறம் இல்லை, எண்களைத் தவறான இடத்தில் வைத்ததுதான்.

மை ஓவியத்தில் வெள்ளை என்பது செலவழிக்காமல் விட்ட காகிதம். அதை எவ்வளவு மிச்சம் வைப்பது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, எண்களை அதிலிருந்து பின்னோக்கிக் கண்டுபிடிக்க வேண்டும். முகத்தில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளையாக நிற்கட்டும் என்று நான் வைத்துக்கொண்டேன். முகம் இருக்கும் செவ்வகத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கேட்டால் நிரலே சொல்லிவிடும்:

```python
face = L[420:1250, 560:1240]
print(np.percentile(face, [65, 40, 20, 8]))
```

65 என்றால், முகத்துப் பிக்சல்களில் 65 சதவீதம் எந்த எண்ணுக்குக் கீழே இருக்கிறதோ அந்த எண். மீதி 35 சதவீதம் காகிதம். எனக்குக் கிடைத்தவை ஏறக்குறைய 148, 117, 84, 58. அவற்றை `layers`-ல் போட்டதும் படம் அப்படியே திறந்துகொண்டது. நெற்றி வெள்ளை. கன்னத்தில் ஓரடுக்கு மட்டும். கழுத்தடியில் மூன்று. கேட்காமலே கிடைத்த பலன், 160-ல் இருந்த பின்சுவரும் வெள்ளையாகிவிட்டது. முகம் தனியே முன்னால் வந்து நின்றது. கூந்தல் முழுக் கறுப்பு, எண்ணெய் மினுக்கம் இருந்த இடத்தில் மட்டும் மூன்றடுக்கு வலை தெரிந்தது.

செவ்வகத்தை முகத்துக்கு மட்டும் வெட்டுவது முக்கியம். முழுப் படத்தையும் கொடுத்தால் சுவரும் சேலையும் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். சேலை கொஞ்சம் தப்பானால் யாரும் கேட்கப்போவதில்லை.

அடர்த்தி மொத்தமாகக் கூடவோ குறையவோ வேண்டுமானால் `gap`-ஐத் தொடாதீர்கள். அது கோட்டின் நயத்தை மாற்றும். இந்த நாலு சதவீத எண்களை மாற்றுங்கள். 65-ஐ 55 ஆக்கினால் காகிதம் கூடும், படம் வெயிலில் நிற்பது போலாகும். 75 ஆக்கினால் மாலை நேரம். கடைசி எண் 8-ஐ 15 ஆக்கினால் இருட்டு மட்டும் ஆழமாகும், வெளிச்சம் அப்படியே இருக்கும். நான் எப்போதும் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டும் அசைத்துப் பார்ப்பேன்.

"ஓர் அடுக்கு முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் வெட்டினாற்போல் தெரிகிறதே, வரைபடத்தில் மாவட்ட எல்லை மாதிரி?"

எல்லை எண்ணில் கோடு முழுத் தடிமனில் திடீரென்று தொடங்குவதுதான் காரணம். பேனா பிடித்த கை அப்படி நிறுத்தாது. கோட்டின் கடைசியில் பேனாவை மெல்லத் தூக்கும், கோடு ஊசிமுனையாக முடியும். அதையே நிரலில் செய்யலாம். `for` சுழற்சியில் உள்ள கடைசி வரியை எடுத்துவிட்டு இந்த இரண்டையும் போடுங்கள்:

```python
    ww = w * np.clip((t - L) / 30, 0, 1)
    out[(ww >= 1) & (np.abs(d - gap/2) < ww/2)] = 0
```

சாம்பல் எல்லைக்கு 30 கீழே இறங்கினால்தான் கோடு முழுத் தடிமன் பெறும். அதுவரை படிப்படியாகப் பருக்கும். ஒரு பிக்சலைவிட மெல்லியதாகும் இடத்தில் விட்டுவிடுகிறோம், இல்லாவிட்டால் கோடு புள்ளி புள்ளியாகச் சிதறும். இந்த மாற்றம் செய்த அன்றுதான் பாட்டியின் கன்னம் உருண்டையாகத் தெரிந்தது. இந்த 30-ஐ 60 ஆக்கினால் செதுக்கோவியம் போல ஆகிவிடும். சிலருக்கு அது பிடிக்கும். படம் சற்று வெளிறும் என்பதையும் எதிர்பாருங்கள், முதல் சதவீத எண்ணை மூன்று நான்கு ஏற்றினால் சரியாகிவிடும்.

"கொசுவலை போர்த்தியது போல இருக்கிறது."

45, 135 என்று செங்கோணத்தில் குறுக்கே போட்டிருப்பீர்கள். சதுரக் கட்டங்கள் உருவாகி, கண் நிழலை விட்டுவிட்டுக் கட்டங்களைப் பார்க்க ஆரம்பித்துவிடும். அடுக்குகளுக்கு இடையே 30 பாகை விடுங்கள். சாய்ந்த வைர வடிவங்கள் கிடைக்கும், அவை நிழலோடு கலந்துவிடும். மேலே உள்ள 45, 75, 15, 105 அப்படி வைத்ததுதான். அதற்காக 10 பாகைக்கும் கீழே போகக்கூடாது. பட்டுத்துணியில் அலை ஓடுவது போலப் பட்டை பட்டையாகத் தெரியும்.

"மெஷின் போட்டது என்று பார்த்ததுமே தெரிகிறது. கை நடுக்கம் கொண்டுவர முடியுமா?"

ஓரளவு முடியும். ஒவ்வொரு பிக்சலையும் தனித்தனியே அசைத்தால் கோடு ரோமம் முளைத்தது போல ஆகும். கையின் அசைவு மெதுவானது, நீளமானது. அதனால் 80 பிக்சலுக்கு ஒரு தற்செயல் எண் எடுத்து, நடுவில் உள்ளவற்றை வழவழவென்று நிரப்ப வேண்டும். இதைச் சுழற்சிக்கு உள்ளேயே, பழைய `d` வரிக்குப் பதிலாக வையுங்கள், அப்போதுதான் ஒவ்வோர் அடுக்கும் வேறுவிதமாக வளையும்:

```python
    n = np.random.rand(H//80 + 2, W//80 + 2).astype(np.float32)
    n = np.array(Image.fromarray(n).resize((W, H), Image.BICUBIC))
    d = (x*np.sin(a) + y*np.cos(a) + (n - 0.5)*5) % gap
```

5 என்பது அசைவின் அளவு. 5 என்றால் பெரும்பாலும் இரண்டரை பிக்சலுக்குள் அங்குமிங்கும். 15 ஆக்கிப் பார்த்தேன், பாட்டி தண்ணீருக்குள் இருப்பது போல இருந்தது.

இதற்கு மேல் ஒரு வரம்பு உண்டு. தேர்ந்த ஓவியரின் கோடு கன்னத்தைச் சுற்றி வளையும், சேலை மடிப்போடு இறங்கும், கூந்தலில் வகிட்டிலிருந்து கீழே வரும். இந்த நிரலுக்குக் கன்னமும் தெரியாது, சேலையும் தெரியாது. வெளிச்சம் மட்டும்தான் தெரியும். கொஞ்சம் ஏமாற்று வேலை செய்யலாம். சேலைக்கு ஒரு கோணத் தொகுப்பு, முகத்துக்கு வேறு என்று இரண்டு முறை ஓட்டி, இரண்டு படங்களையும் ஒட்டிவிடுங்கள். கழுத்துக் கோட்டில் ஒட்டினால் ஒட்டு தெரியாது. நான் பாட்டியின் சேலைக்கு எல்லாக் கோணங்களையும் 40 பாகை திருப்பினேன். துணி வேறு, தோல் வேறு என்று உடனே பிரிந்தது.

"முகத்தைச் சுற்றி வெளிக்கோடு வேண்டாமா?"

வெளிச்சம் பட்ட பக்கத்தில் மட்டும் வேண்டும். பின்சுவரும் வெள்ளை, கன்னத்தின் ஒளிப்பக்கமும் வெள்ளை என்றால் முகம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. நிழல் பக்கத்தில் வலையே எல்லையைக் காட்டிவிடும், அங்கேயும் கோடு போட்டால் வண்ணம் தீட்டும் புத்தகம் மாதிரி ஆகிவிடும். இரண்டு மங்கல் படங்களின் வித்தியாசத்தை எடுத்தால் விளிம்பின் இருண்ட பக்கத்தில் மட்டும் கோடு கிடைக்கும். `save` வரிக்கு முன்னால்:

```python
b1 = np.array(g.filter(ImageFilter.GaussianBlur(1.5))).astype(int)
b2 = np.array(g.filter(ImageFilter.GaussianBlur(3))).astype(int)
out[(b1 - b2) < -6] = 0
```

-6 என்பதை -10 ஆக்கினால் கண், உதடு, மூக்குத்துளை மட்டும் மிஞ்சும். -3 ஆக்கினால் சேலையின் ஒவ்வொரு நூலும் வந்து நிற்கும். மூன்று எண்ணையும் ஓட்டிப் பார்த்து உங்கள் கண்ணையே நம்புங்கள்.

"எனக்கு நிரல் எழுத வராது. ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் செய்யலாமா?"

செய்யலாம், கொஞ்சம் கைவேலை அதிகம். படத்தை `Colors > Desaturate` மூலம் கறுப்பு வெள்ளையாக்குங்கள். அதன் பிரதியில் `Colors > Threshold` திறந்து, முகத்தில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளையாகும் வரை அம்பை நகர்த்துங்கள். பிறகு `Colors > Invert`; இப்போது நிழல் வெள்ளையாக இருக்கும். இதுதான் முதல் அடுக்கின் முகமூடி. இன்னும் மூன்று பிரதிகளில், ஒவ்வொன்றிலும் நிழல் குறுகிக்கொண்டே போகும்படி இதையே செய்யுங்கள்.

கோடுகளுக்கு, வெள்ளை நிறமுள்ள ஒரு புதிய லேயரில் `Filters > Render > Pattern > Grid` எடுத்து, ஒரு திசைக் கோட்டின் தடிமனைச் சுழியமாக்கினால் இணைகோடுகள் கிடைக்கும். திருப்பும்போது மூலைகள் காலியாகக்கூடாது என்பதால் லேயர் படத்தின் மூலைவிட்டம் அளவாவது இருக்க வேண்டும். 1800 × 2400 படத்துக்கு 3000 பிக்சல் சதுரம். வேண்டிய கோணத்துக்குத் திருப்பி, `Layer > Layer to Image Size` மூலம் படத்தின் அளவுக்குக் கொண்டுவந்து, லேயர் முறையை `Multiply` என்று வைத்து, லேயர் மாஸ்க் சேர்த்து அந்த முகமூடியை அதில் ஒட்டுங்கள். அடியில் ஒரு வெள்ளை லேயர். இதில் ஊசிமுனைக் கோடு கிடைக்காது. முகமூடியின் விளிம்பைக் கருப்புத் தூரிகையால் அங்கங்கே கீறிவிட்டால் மாவட்ட எல்லை கொஞ்சம் மறையும்.

"வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோடெல்லாம் குழம்பிவிடுகிறது."

படம் சுருக்கப்படுகிறது, ஜேபெக் ஆகவும் மாறுகிறது. 1800 பிக்சல் அகலப் படம் 360-க்குச் சுருங்கினால் 12 பிக்சல் இடைவெளி 2.4 ஆகும். அதில் கோட்டைக் காட்டவே முடியாது, சாம்பல் சகதியும் அலைகளும்தான் மிஞ்சும். கோடு போட்ட பிறகு ஒருபோதும் சுருக்காதீர்கள். திரைக்கு வேண்டுமென்றால் மூலப் போட்டோவை முதலில் 720 அகலத்துக்குச் சுருக்கி, `gap` 8, தடிமன்கள் 2, 2, 3, 3 என்று வைத்துப் புதிதாக ஓட்டுங்கள். `MedianFilter`-ஐயும் 3 ஆக்குங்கள். முழு அளவுப் படத்தை அனுப்ப வேண்டுமானால் பிஎன்ஜி கோப்பை டாக்குமென்ட் ஆக இணையுங்கள்.

"திரையில் நன்றாக இருந்தது, பிரிண்டில் நிழலெல்லாம் அடைத்துக்கொண்டது."

மை காகிதத்தில் ஊறிவிட்டது. 0.25 மி.மீ. கோடு இரண்டு பக்கமும் 0.05 மி.மீ. ஊறினால் 0.35 ஆகிவிடும், 25 சதவீத அடுக்கு 35 ஆகும். நாலாம் அடுக்கின் சிறு வெள்ளைக் கண்களோ மூடியே போகும். இன்க்ஜெட்டும் சாதா காகிதமும் சேர்ந்தால் இது நிச்சயம். லேசர் பிரிண்டர் மேல். இன்க்ஜெட்தான் என்றால் கடைசி இரு தடிமன்களை 3, 4 ஆகக் குறைத்து ஒரு துண்டுக் காகிதத்தில் கழுத்துப் பகுதியை மட்டும் அடித்துப் பாருங்கள். லென்ஸில் வெள்ளைக் கண்கள் தெரிந்தால் முழுப் படத்தையும் அடிக்கலாம்.

பிரிண்டர் பெட்டியில் "பக்கத்துக்குப் பொருத்து" என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் அடியுங்கள். முதல் தடவை நான் பிரிண்ட் கடையில் கொடுத்தபோது அவர் 97 சதவீதத்தில் அடித்துவிட்டார். கன்னத்தில் கோடு மாற்றி கோடு தடித்து, மெலிந்து, வரி வரியாக ஓடியது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நான் சொல்லியிருக்க வேண்டும்.

"இதை வைத்துக் கையாலேயே வரைந்தால் என்ன?"

எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த வழி. நிரல் போட்ட கோடுகளை விட்டுவிட்டு எல்லைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு எல்லை எண்களால் படத்தை ஐந்து மங்கலான சாம்பல் பட்டைகளாக்கி அச்சடித்து, கண்ணாடி மேசையின் அடியில் விளக்கு வைத்து, மேலே நல்ல தாளைப் போட்டு மைக்ரான் 01-ஆல் வரையலாம். எங்கே எத்தனை அடுக்கு என்பது கீழே தெரியும். கோடு எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதைக் கை பார்த்துக்கொள்ளும். முதல் அடுக்கை முகம் முழுக்க முடித்த பிறகே இரண்டாவதைத் தொடங்குங்கள். ஒரு கன்னத்தை முழுதாக முடித்துவிட்டு மறுகன்னத்துக்குப் போனால் இரண்டும் ஒரே அடர்த்தியில் வராது. ஓர் அடுக்கு காய ஐந்து நிமிடம் விடுங்கள். பாட்டியின் தாடை இரண்டாம் முயற்சியில் என் உள்ளங்கையால் இழுபட்டுப்போனது. சட்டத்தில் இப்போது மாட்டியிருப்பது மூன்றாவது, மூக்குத்தியோடு.